விஆர் போட்டா தலைசுத்துதா? கேளுங்க, சொல்றேன்

திருப்பூர்லிருந்து: புதுசா கண்ணை மூடி மாட்டற விஆர் ஹெட்செட் வாங்கி ஊட்டுக்காரம்மாவுக்கு மாட்டிவிட்டேனுங்க. ரோலர் கோஸ்டர் போட்டதும் ரெண்டு நிமிஷத்துல கழட்டிட்டு ஒரே வாந்தி. இப்ப அந்த பொட்டியப் பாத்தாலே வேண்டாங்கறாங்க. எப்படிங்க பழக்கறது?

பதில்: ரெண்டு மூணு நாள் அதை எடுக்கவே எடுக்காதீங்க, அவங்களும் கேக்காம நீங்களும் கூப்புடாதீங்க. ரோலர் கோஸ்டர் பழகுனவங்களையே பொரட்டிப் போடற ஐட்டமுங்க. கண்ணு "கீழ விழறோம்"னு சொல்லுது, காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பு "சும்மாதான உக்காந்திருக்கோம்"னு சொல்லுது, அந்த சண்டைதான் கொமட்டலா வருது.

மறுபடி ஆரம்பிக்கறப்ப முதல் நாள் வேற உலகத்துக்குக் கூட்டிட்டுப் போற கேமே வேண்டாம். உக்கார வெச்சு, பாஸ்த்ரூங்கற வெளிக் கேமரா காட்சியில உங்க ஊட்டு ஆசாரத்தையே ஹெட்செட் வழியா பாக்கச் சொல்லுங்க. மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட் வெச்சிருந்தீங்கன்னா ஃபர்ஸ்ட் என்கவுன்டர்ஸ்ங்கற கேமைப் போட்டு விடுங்க, சொந்த சுவரு, சொந்த சோபா எல்லாம் கண்ணுக்குத் தெரியறதால அந்த சண்டை வராது. அஞ்சு நிமிஷம் போதும். முக்கியமானது என்னன்னா, நல்லா இருக்கறப்பவே கழட்டணும், "இன்னும் கொஞ்சம்"னு அவங்களே கேக்கற எடத்துல நிறுத்துனீங்கன்னா மறுநாள் அவங்களாவே எடுப்பாங்க.

அடுத்த நாள் பத்து நிமிஷம், பீட் சேபர் மாதிரி நின்ன எடத்துல ஆடறது. கட்டை நம்மள நோக்கி வரும், ஆனா நாம நகர மாட்டோம், அதனால பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. அது ரெண்டு மூணு நாள் சிக்கலில்லாம போச்சுன்னா நடக்கற கேமுக்கு வாங்க, ஆனா குறி வெச்ச எடத்துக்கு ஒரே தாவா போற டெலிபோர்ட் வெச்சுத்தான் நடக்கணும், ஜாய்ஸ்டிக்க தள்ளி வழுக்கிட்டே போறதெல்லாம் கடைசி. திரும்பறதுக்கு ஸ்னாப் டர்ன் போட்டுடுங்க, டக்கு டக்குன்னு 30, 45 டிகிரி திரும்பும், நடுவுல உலகம் சுழலறதை கண்ணு பாக்காது. என்னைக் கேட்டா நடக்கறதை விட ஜாய்ஸ்டிக்ல மெதுவா சுத்தித் திரும்பறதுதான் எச்சு ஆளை கவுக்குது. முடிஞ்ச வரைக்கும் உடம்போட திரும்பச் சொல்லுங்க, சுத்தற நாற்காலி இருந்தா இன்னும் நல்லது.

அப்பறம் அவங்க மொகத்தப் பாத்துட்டே இருங்க. வாந்தி பெரும்பாலும் திடீர்னு வராது, அதுக்கு முன்னாடி கொட்டாவி வரும், எச்சில் ஊறும், நெத்தியில சில்லுன்னு வேர்க்கும், பேச்சு கொறையும். இதுல ஒண்ணு வந்தாலே கண்ணை மூடச் சொல்லி ஹெட்செட்ட கழட்டிடுங்க, அன்னைக்கு அவ்வளவுதான். தெளியற வரைக்கும் வண்டி எடுக்கவும் விடாதீங்க.

பெருந்துறை தம்பி: அண்ணா, எனக்கு தலைசுத்த சுத்த விடாம ஆடுனேன், ஒரு வாரத்துல சரியாயிடுச்சு. எல்லாரும் அப்படியே தம் கட்டி ஆடிட்டா போச்சே?

பதில்: பழகும்கறது நெசம் தம்பி, அதை நான் மறுக்கல. ஆனா பழகுறது கொஞ்சங்கொஞ்சமா, திரும்பத் திரும்ப போடறதால, கொமட்டலோட இழுத்துப் பிடிக்கறதால இல்ல. உனக்கு ஒத்துக்கிச்சு. நெறைய பேருக்கு நேர் எதிரா போகுது, அந்த பிளாஸ்டிக் வாசனை, மொகத்துல ஃபோம் படறதுன்னு இதுக்கே வயிறு பொரட்ட ஆரம்பிச்சுடும், மேல திருப்பூர்க்காரர் ஊட்டுல நடக்கறதே அதுதான். இன்னொண்ணு, ஒரு கேமுல பழகுனது இன்னொரு கேமுக்கு அப்படியே வரும்னு சொல்ல முடியாது. வேகமா பறக்கற கேம் ஒண்ணப் போட்டுப் பாரு, தெரியும்.

பொள்ளாச்சியிலிருந்து: வால்பாறை ரோட்ல 40 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கறதுக்குள்ள எனக்கு வாந்தி நிச்சயமுங்க. அப்ப மாத்திரை போட்டுக்குவேன், விஆருக்கும் அதையே போட்டுக்கலாமா?

பதில்: வேண்டாமுங்க. அந்த மாத்திரை தூக்கத்தக் கொண்டாரும், அதோட நின்னுக்கிட்டு கையக் கால வீசறது ஆபத்து. அதைவிட, நிறுத்தச் சொல்லி உடம்பு காட்டற அறிகுறியையும் அது மறைச்சுடும்.

பஸ்ல நடக்கறது இதுக்கு தலைகீழுங்க. அங்க உடம்பு வளைஞ்சு வளைஞ்சு போகுது, கண்ணு முன்சீட்டையோ போனையோ பாத்துட்டு அசையாம இருக்கு. இங்க கண்ணு போகுது, உடம்பு நிக்குது. அதனால மலை ரோட்ல வாந்தி எடுக்கறவங்களுக்கு விஆர் ஒத்துக்கவே ஒத்துக்காதுன்னு இல்ல, ஆனா கொஞ்சம் மெதுவாவே ஆரம்பிங்க. இஞ்சி மொரப்பா நல்லா கேக்குதுன்னு சிலர் சொல்றாங்க, சிலருக்கு ஒண்ணுமே பண்றதில்ல. போட்டுப் பாருங்க, கெடுதல் இல்ல.

ஈரோட்டிலிருந்து: எங்க ஆசாரம் 10க்கு 12 அடி, அதுலயே சோபா டிவி எல்லாம். இடம் பத்துமாங்க?

பதில்: ரூமுக்குள்ள நடந்து ஆடற ரூம்ஸ்கேலுக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் காலியா வேணும், அதாவது ஆறரை அடி சதுரம். 10 அடிப் பக்கத்து சுவரோரம் சோபாவப் போட்டா 3 அடி போயிடும், மிச்சம் 9 அடி, டீப்பாய வெளிய எடுத்துட்டா தாராளம். ஆனா ஹெட்செட்டுல வரையற எல்லைக் கோட்ட சுவரொட்டி வரையாதீங்க, அரையடி உள்ள தள்ளி வரைங்க, டிவி பக்கம் ஒரு அடியே விடுங்க. கால் கோட்டுக்குள்ள இருக்கும், கன்ட்ரோலரோட கை வெளிய போயிருக்கும், டிவி ஒடையறதெல்லாம் அப்படித்தான்.

நம்ம ஊடுகள்ல சீலிங் ஃபேன் ஒண்ணு இருக்கு, அதை எல்லாரும் மறந்துடறாங்க. ஃபேனை நிறுத்திட்டு, ஊட்டுல ஒசரமானவரை கன்ட்ரோலரோட கையத் தூக்கி நுனிக்கால்ல நிக்கச் சொல்லுங்க. றெக்கை கிட்ட போச்சுன்னா ஆட்டத்தையே அந்தண்ட நகர்த்துங்க, இல்லாட்டி ஃபேன் ஓடாம ஆடுங்க. அதுக்கு பதிலா ஒரு டேபிள் ஃபேனை டிவி பக்கம் வெச்சு மொகத்துல காத்து படற மாதிரி விட்டீங்கன்னா புழுக்கமும் இருக்காது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கோம்னும் தெரியும். நடுவுல ஒரு சின்ன மிதியடி, வழுக்காததா, போட்டு வெறுங்கால்ல நில்லுங்க, கால் தரையில பட்டா நகந்துட்டோம்னு அர்த்தம்.

கண்ணாடி போட்ட ஷோகேஸ் இருந்தா ஒரு துணியப் போட்டு மூடுங்க. ஹெட்செட் கேமரா அதுல ஏமாந்து உலகமே லேசா வழுக்கும், நின்ன எடத்துல ஆடற கேமுல கூட தலைசுத்தும். ரூம் இருட்டா இருந்தாலும் இதே கதைதான். ஜன்னல் வெயில் மட்டும் லென்ஸ் மேல பட விடாதீங்க, நிமிஷத்துல ஸ்கிரீன் கருகிடும்.

கோபியிலிருந்து ஒரு அக்கா: நான் நகராம நின்னாலும் தலைவலி வருதுங்க, எழுத்தெல்லாம் மங்கலா தெரியுது.

பதில்: அது லென்ஸ் இடைவெளியா இருக்கலாமுங்க. கண்ணுமணிக்கும் கண்ணுமணிக்கும் எத்தனை மில்லிமீட்டர்னு கண்ணாடிக் கடையில அளந்து சொல்வாங்க. குவெஸ்ட் 2ல 58, 63, 68னு மூணு நிலைதான், கிட்ட வர்றதுல வைங்க. குவெஸ்ட் 3ல சக்கரம் இருக்கு, திருகி எழுத்து தெளியற எடத்துல நிறுத்துங்க. அப்பறம் ஹெட்செட்ட மேலயும் கீழயும் நகத்திப் பாருங்க, பாதி மங்கல் அதுலயே போயிடும்.

கரூர்லிருந்து: அம்மாவுக்கு 62 வயசு, தலைசுத்தல் மாத்திரை சாப்பிடறாங்க. காசி கங்கையை 360 வீடியோவுல காட்டணும்னு ஆசைங்க.

பதில்: முதல்ல அவங்க டாக்டரக் கேளுங்க, தலைசுத்தல் எதனாலன்னு தெரியாம நான் சரின்னு சொல்ல மாட்டேன். அவரு விட்டாருன்னா கை வெச்ச நாற்காலியில உக்கார வெச்சு, ஸ்டாண்டுல அசையாம வெச்சு எடுத்த வீடியோவா பாத்து எடுங்க, ட்ரோன்ல எடுத்தது, படகுல போயிட்டே எடுத்ததெல்லாம் வேண்டாம். 360 வீடியோவுல தலையத் திருப்புனா காட்சி திரும்பும், ஆனா முன்னால சாஞ்சா காட்சியும் கூடவே சாயும், அதுவே சிலருக்கு பொரட்டும். முதுகை நாற்காலியில ஒட்டி வெச்சு, தலைய மட்டும் மெதுவா திருப்பச் சொல்லுங்க, மூணு நிமிஷம் போதும். படுக்கறப்பவோ சட்டுன்னு திரும்பறப்பவோ அவங்களுக்கு சுத்துதான்னும் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, அதை வெச்சுத்தான் அவரு முடிவு பண்ணுவாரு.