மூன்று அட்டவணைகள், ஒரு பொது நேரம்: கேள்வி பதில்

கேள்வி (நாகர்கோவில், கல்லூரி விரிவுரையாளர்): நான், மார்த்தாண்டத்தில் பொறியியல் கல்லூரி நண்பர், குலசேகரத்தில் பள்ளி ஆசிரியை ஆகிய மூவரும் புதன்கிழமை ஒரு மணி நேரம் ஆன்லைனில் கூட வேண்டும். மூவரின் வகுப்பு அட்டவணை ஸ்கிரீன்ஷாட்டுகளையும் மாறி மாறிப் பார்த்துக் கண் வலித்ததுதான் மிச்சம். என்ன வழி, சார்?

பதில்: காலிக் கட்டங்களைத் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். உங்களுக்குப் பாடவேளை ஒரு மணி நேரம், அவருக்கு 50 நிமிடம், ஆசிரியைக்கு 40 நிமிடம் என்று இருக்கும்போது, மூன்றாம் பாடவேளை என்பது மூவருக்கும் வெவ்வேறு நேரத்தையே குறிக்கும். ஆகவே யார் எப்போது வகுப்பில் இருக்கிறார் என்பதை மட்டும் கடிகார நேரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களின்படி புதன்கிழமை உங்களுக்கு 9.30–10.30, 11.30–12.30, 3.00–4.00 வகுப்புகள் உள்ளன. நண்பருக்கு 9.00–10.40, 10.55–11.45, பிறகு லேப் 1.30–3.10. ஆசிரியைக்கு 9.40–10.20, 11.00–11.40, 12.20–1.00, 1.40–2.20. இந்தப் பத்து வரிகளையும் ஆள் பார்க்காமல் தொடங்கும் நேரப்படி ஒரே பட்டியலாக அடுக்கி, மேலிருந்து கீழே வாசித்து வாருங்கள். அதுவரை வாசித்த வகுப்புகளில் மிகப் பிந்தி முடிவது எது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த வகுப்பு அதற்கும் பிறகு தொடங்கினால் மட்டுமே இடைவெளி என்று குறியுங்கள்.

பலரும் முந்தைய வரியின் முடிவை மட்டும் பார்த்து ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆசிரியையின் வகுப்பு 2.20க்கு முடிகிறது, பட்டியலில் அடுத்த வரி உங்களுடைய 3.00 மணி வகுப்பு. எனவே நாற்பது நிமிடம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் 1.30க்கு லேபுக்குள் போன நண்பர் 3.10க்குத்தான் வெளியே வருவார்.

முறையாகப் பார்த்தால் நான்கு மணிக்கு முன் மிஞ்சுவது 10.40–10.55, 1.00–1.30 என்ற இரண்டு இடைவெளிகளே. ஒரு மணி நேரம் வேண்டுமானால் நான்குக்குப் பிறகுதான். ஆனால் ஒவ்வொருவராக நீக்கிப் பார்த்தால் முட்டுக்கட்டை எதுவென்று தெரிந்துவிடும்: ஆசிரியையின் 12.20 வகுப்பு ஒன்று மட்டும் இல்லையென்றால் 12.30–1.30 முழுதாகக் கிடைக்கிறது. பள்ளியில் சக ஆசிரியரிடம் சொல்லி அந்த ஒரு பாடவேளையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். மூவரும் மாலையில் காத்திருப்பதை விட அது எளிது. சாப்பாட்டு நேரமாயிற்றே என்று அவர்கள் முகம் சுளித்தால் அதற்கு என்னிடம் மருந்தில்லை.

கேள்வி (தக்கலை): இவ்வளவு எழுத்து வேலை எதற்கு? படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மேலே உள்ளதை மங்கலாக்கினால் வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் பொது நேரம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பதில்: ஒரே கல்லூரி, ஒரே அச்சு, ஒரே அளவில் வெட்டிய படம் என்றால் நீங்கள் சொல்வது சரி, ஒரே துறைக்குள் அது விரைவான வழியும்கூட. வேறு வேறு நிறுவனங்கள் என்றால் செல்லாது, ஏனெனில் அட்டவணையில் கட்டத்தின் அகலத்துக்கும் நேரத்துக்கும் பொருத்தம் கிடையாது. 15 நிமிட இடைவேளைக்கும் 50 நிமிட வகுப்புக்கும் ஒரே அகலம் போட்டிருப்பார்கள், சிலர் இடைவேளைக்குக் கட்டமே போடுவதில்லை.

கேள்வி (குழித்துறை): போனிலேயே படத்திலிருந்து எழுத்துகளை எடுத்து ஷீட்டில் ஒட்டினேன். எனக்கு மட்டும் மதியம் முழுக்கக் காலியாக வருகிறது. உண்மையில் அப்படி இல்லையே?

பதில்: படத்திலிருந்து எழுத்தை எடுக்கும்போது எழுத்து உள்ள கட்டங்கள்தான் வரும், வெற்றுக் கட்டங்கள் காணாமல் போய்விடும், அதனால் வலப்பக்கத்து வகுப்புகள் இடப்பக்கம் நகர்ந்து காலை நேரத்தில் போய் உட்கார்ந்திருக்கின்றன. நமக்குத் தேவையான வெற்றிடமே தொலைகிறது என்பதால், ஒருவருக்கு இருபது வரி வரும் இந்த வேலையைக் கையால் தட்டச்சு செய்வதே மேல். மூன்று பாடவேளைக்கு நீளும் லேப் கட்டத்தையும் கவனியுங்கள். பெயர் நடுவில் ஒரு முறைதான் இருக்கும், ஒரு பாடவேளையாக எண்ணிவிடுவோம். முடித்ததும் வாரத்துக்கு மொத்தம் எத்தனை வகுப்பு என்று அவரவரிடம் கேட்டு உங்கள் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்தாலும் எங்கோ ஒரு கட்டம் விடுபட்டிருக்கிறது.

ஷீட்டில் செய்ய விரும்பினால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி போட்டு, B, C, D என ஆளுக்கொரு நிரலில் வகுப்புள்ள வரிகளில் 1 என்று இடுங்கள். மூவருக்கும் காலியான வரியை இது காட்டும்:

```
=IF(COUNTA(B2:D2)=0,"OK","")
```

வெற்றாகத் தோன்றும் கட்டத்தில் ஒரு ஸ்பேஸ் இருந்தாலும் COUNTA அதை எண்ணிவிடும். 'OK' வர வேண்டிய இடத்தில் வராவிட்டால் முதலில் அதை அழித்துப் பாருங்கள்.

கேள்வி (கொல்லங்கோடு, செவிலியர்): எனக்குக் காலை, மாலை, இரவு என்று வாரந்தோறும் மாறும் டியூட்டி. எங்கள் குடும்பக் கூட்டத்துக்கு இது உதவுமா?

பதில்: உதவும், அம்மா. ஆனால் வாரத்துக்கொரு நிரந்தர நேரம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, டியூட்டிப் பட்டியல் வெளியாகும் ஒவ்வொரு முறையும் தேதி வாரியாகப் பாருங்கள். இரவு டியூட்டிக்கு மறுநாள் காலைத் தூக்கத்தையும் வேலை நேரமாகவே எழுதுங்கள், பட்டியல் அதைக் காலி என்றுதான் காட்டும்.

கேள்வி (நாகர்கோவில், மாணவி): எங்கள் கல்லூரியில் வேலை நாட்களை ஒன்று முதல் ஆறு வரை சுற்றி எண்ணும் டே ஆர்டர், வாரத்துக்கு ஐந்து நாள். தோழியின் கல்லூரி திருநெல்வேலியில், அங்கே திங்கள், செவ்வாய் என்று கிழமைக் கணக்கு. புதன் பதினோரு மணி என்று முடிவு செய்தோம், அடுத்த வாரமே குலைந்தது.

பதில்: குலையத்தான் செய்யும். இந்தப் புதன் மூன்றாம் டே ஆர்டர் என்றால் அடுத்த புதன் இரண்டு, அதற்கடுத்தது ஒன்று, பிறகு ஆறு என்று விடுமுறையே இல்லாவிட்டாலும் பின்னோக்கிப் போய், ஆறு வாரத்தில் ஆறு ஆர்டரும் புதன்கிழமையில் வந்துவிடும். ஆகவே நிரந்தரப் புதன் வேண்டுமானால் உங்கள் ஆறு ஆர்டரிலும் ஒரே நேரத்தில் காலியாக உள்ள இடமாக அது இருக்க வேண்டும். பெரும்பாலும் அது மதிய இடைவேளையாகவே முடியும். இல்லையென்றால் கல்லூரி நாட்காட்டியைப் பார்த்து, வாரந்தோறும் தேதியைச் சொல்லிக் கூடுங்கள்.

கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை போன்ற நாட்களில் நம் மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை விடும்போது தோழிக்கு வகுப்பு நடக்கும். அதற்கு ஈடாக நமக்கு ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். அன்று எந்த நாளின் அட்டவணை என்பது ஸ்கிரீன்ஷாட்டில் இராது, சுற்றறிக்கையில்தான் இருக்கும்.

கேள்வி (முதலில் கேட்டவர்): நேரில் கூடுவதென்றால்?

பதில்: ஒவ்வொருவருடைய வகுப்புக்கும் முன்னும் பின்னும் அவரவர் பயண நேரத்தைச் சேர்த்து எழுதிவிட்டு, பட்டியலை மறுபடி அடுக்குங்கள். உங்களுக்கும் மார்த்தாண்டத்துக்காரருக்கும் நடுவில் தக்கலை இருப்பதால் அங்கே கூடினால் சுமை பகிரப்படும். ஆனாலும் உங்கள் புதன்கிழமையில் 12.30–1.30 அப்போது நிற்காது, நண்பர் 1.30க்கு லேபில் இருந்தாக வேண்டும்.

கேள்வி (தக்கலை, மீண்டும்): வகுப்பு இல்லாத நேரத்தில் நம்மை, வராத ஆசிரியருக்குப் பதிலாக அனுப்பிவிடுகிறார்களே, அதை எந்தப் படத்தில் பார்ப்பது?

பதில்: எந்தப் படத்திலும் இல்லை. அட்டவணைப் பொறுப்பில் இருந்தபோது நானே பலரை அப்படி அனுப்பியிருக்கிறேன். அன்று காலைதான் அது முடிவாகும். முதலில் முடிவு செய்த நேரத்துக்கு மாற்றாக இன்னொரு நேரத்தையும் குறித்து வைப்பது தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. யாராவது கண்டுபிடித்திருந்தால் சொல்லுங்கள்.