ஏ.சி. இல்லாத வீட்டில் 610 யூனிட்: ரசீது சொல்வதும் மீட்டர் சொல்வதும்

கேள்வி: "வழக்கமாக 430 யூனிட் வரும் எங்கள் வீட்டில் இந்த முறை 610 யூனிட் வந்திருக்கிறது. ஏ.சி. கிடையாது. புதிதாக எதுவும் வாங்கவில்லை. எந்தச் சாதனம் வீணாக இழுக்கிறது என்பதை ரசீதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?" — வாசகி, பாளையங்கோட்டை

ரசீது சாதனத்தின் பெயரைச் சொல்லாது. ஆனால் எவ்வளவு பெரிய கள்ளனைத் தேட வேண்டும் என்று சொல்லிவிடும். நம் ஊரில் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நடப்பதால், முதலில் முந்தைய ரீடிங் எடுத்த தேதிக்கும் இப்போதைய தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். கணக்கெடுப்பவர் பத்து நாள் தாமதமாக வந்திருந்தாலே எழுபது யூனிட் கூடியிருக்கும். இரண்டு முறையும் 60 நாள்தான் என்றால், கூடுதலான 180 யூனிட் நாளொன்றுக்கு 3 யூனிட் ஆகிறது. தேட வேண்டிய அளவு இதுதான்.

உங்கள் ரசீதுத் தொகை யூனிட்டைவிட வேகமாக ஏறியிருப்பதற்கும் காரணம் உண்டு. 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறைப்படி, 500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட் 2.25 ரூபாய், தாண்டிவிட்டால் அந்த நூறு யூனிட்டுக்கும் 4.50 ரூபாய். அதனால் அப்போது 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் கட்டிய வீடு, 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய் கட்டியது. பிறகு விகிதங்கள் மாறியிருப்பதால், உங்கள் தொகையை ரசீதில் அச்சாகியுள்ள விகிதத்தை வைத்தே கணக்கிடுங்கள்.

இனி அந்த 3 யூனிட்டைத் தேடுவோம். சாதாரண மின்விசிறி 75 வாட். வெயில் காலத்தில் ஒரு விசிறி கூடுதலாகப் பத்து மணி நேரம் சுழன்றாலும் முக்கால் யூனிட்தான் ஆகும். மீதிக்குக் காரணம், நீங்கள் சுவிட்சைத் தொடாமலே இரவும் பகலும் ஓடுகிற ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே நான் முதலில் சந்தேகிப்பது ஃபிரிட்ஜையும் இன்வெர்ட்டரையும்தான்.

இதை மீட்டரிலேயே சோதிக்கலாம். மீட்டரின் முகப்பில் 3200 imp/kWh என்பது போல ஓர் எண் இருக்கும். அருகில் உள்ள சிவப்பு விளக்கு அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட் ஓடியதாகப் பொருள். ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ணி, இப்படிக் கணக்கிடுங்கள்:

```
வாட் = சிமிட்டல் × 60 × 1000 ÷ 3200
```

உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் 3200க்குப் பதில் அதைப் போடுங்கள்.

சென்ற கோடையில் பேட்டையில் ஒரு வீட்டில் இதைச் செய்தோம். விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்து ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கிய பிறகும், மீட்டரின் சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு ஐந்து முறை சிமிட்டியது. கணக்குப்படி ஏறத்தாழ 94 வாட். எதுவும் ஓடாத வீட்டில் நாளொன்றுக்கு 2.25 யூனிட், 60 நாளைக்கு 135 யூனிட். இன்வெர்ட்டரின் பிளக்கைக் கழற்றியதும் சிமிட்டல் நின்றது. ஆறு வருடப் பழைய பேட்டரி. அதன் ஒரு செல்லில் மட்டும் தண்ணீர் சீக்கிரம் வற்றியது, தொட்டால் பக்கவாட்டில் சூடு தெரிந்தது. உள்ளே ஒரு செல் கெட்டுவிட்டால் பேட்டரி நிறைவதே இல்லை. இன்வெர்ட்டர் ஓயாமல் சார்ஜ் செய்துகொண்டே இருக்கும், அந்த மின்சாரம் வெப்பமாகிப் போய்விடும்.

இந்தச் சோதனையில் இரண்டு இடங்களில் ஏமாறலாம். மின்வெட்டுக்குப் பிறகு நல்ல பேட்டரியும் பல மணி நேரம் சார்ஜ் ஏற்றும்; ஆனி, ஆடிக் காற்றில் அடிக்கடி கரண்ட் போகிற நாட்களில் பார்த்தால் தவறான முடிவுக்கே வருவீர்கள். கரண்ட் போகாமல் அரை நாளாவது கழிந்த பிறகு எண்ணுங்கள். அடுத்து, இன்வெர்ட்டரின் பிளக்கை மட்டும் கழற்றினால் விளக்கும் விசிறியும் பேட்டரியில் ஓடத் தொடங்கும். அது மீட்டருக்குத் தெரியாது. ஆகையால் அதன் முகப்புச் சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும்.

பின்பு ஃபிரிட்ஜை மட்டும் போட்டுப் பாருங்கள். கம்ப்ரஸர் ஓடும்போது சிமிட்டல் எட்டு வரை வரும், அது 150 வாட்; நின்றதும் சிமிட்டல் அநேகமாக இல்லாமல் போகும். திறக்காமல் விட்டு இரண்டு மணி நேரம் ஆகியும் கம்ப்ரஸர் நிற்கவே இல்லை என்றால், அதுவே நாளொன்றுக்கு 3.6 யூனிட். கதவின் ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடி இழுங்கள். பிடிப்பில்லாமல் வழுக்கி வந்தால் குளிர் அந்த வழியாகத்தான் கசிகிறது.

இரண்டும் நன்றாக இருந்தால் கிணற்று மோட்டாரைப் பாருங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் எடுக்கும். அரை மணியில் நிறைந்த மேல்நிலைத் தொட்டிக்கு இப்போது ஒன்றரை மணி ஆகிறதென்றால், கோடையில் நீர்மட்டம் இறங்கியிருக்க வேண்டும், அல்லது ஃபுட் வால்வு ஒழுக வேண்டும்.

எல்லாச் சாதனத்தின் பிளக்கையும் கழற்றிய பிறகும் சிமிட்டல் நிற்காவிட்டால், வயரிங்கில் கசிவு இருக்கலாம், அல்லது வேறு யாருடைய இணைப்போ உங்கள் மீட்டரில் சேர்ந்திருக்கலாம். அதை நீங்களே தேடாமல், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அன்றே அழையுங்கள்.