கம்பெனி காசில் பூங்கா: சங்கம் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: "கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவை ஒட்டிய மாநகராட்சிப் பூங்காவைச் சீரமைக்க, மணலியில் உள்ள ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் பணம் தருகிறது என்று ஒரு டிரஸ்ட்காரர் வந்தார். எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், ஆரம்பச் செலவுக்கு 25,000 ரூபாய் கட்ட வேண்டும், எல்லாம் மார்ச்சுக்குள் முடிய வேண்டும் என்கிறார். செய்யலாமா?"

முதலில், அந்த 25,000 ரூபாயைக் கட்டாதீர்கள். சிஎஸ்ஆர் என்பது சட்டப்படி கம்பெனி தன் லாபத்திலிருந்து சமூகப் பணிக்காகச் செய்ய வேண்டிய செலவு. பயன்பெறும் மக்கள் அதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்று எங்கேயும் இல்லை. "ஃபைல் நகர்த்த", "பிராஜெக்ட் ரிப்போர்ட் போட" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி, பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வடசென்னையில் தொழிற்சாலைகள் அதிகம் என்பதால் இப்படிக் கம்பெனி பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் தரகர்களும் உண்டு.

அடுத்து, அந்த டிரஸ்டிடம் அதன் CSR பதிவு எண்ணைக் கேளுங்கள். 2021 ஏப்ரல் முதல், கம்பெனிக்காக வேலை செய்யும் டிரஸ்டுகள் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிந்து இந்த எண்ணை வாங்கியிருக்க வேண்டும். எண்ணைக் குறித்துக்கொண்டு டிரஸ்டைத் தாண்டி நேராகக் கம்பெனிக்கே எழுதுங்கள்: "இந்தப் பூங்கா வேலைக்கு உங்கள் இயக்குநர் குழு ஒப்புதல் தந்ததா? இந்த டிரஸ்டைத்தான் அமர்த்தியிருக்கிறீர்களா?" குழு ஒப்புதல் தந்த திட்டங்களை, இணையதளம் இருக்கும் கம்பெனி அதில் வெளியிட வேண்டும் என்பது விதி. அங்கேயும் பாருங்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதில் பலர் குழம்புகிறார்கள். கம்பெனியே நேரடியாக வேலையை எடுத்து, ஒரு கான்ட்ராக்டரை வைத்துக் கட்டினால் அந்தக் கான்ட்ராக்டருக்கு CSR எண் தேவையில்லை. அவர் கம்பெனியிடம் கூலிக்கு வேலை செய்பவர், அவ்வளவுதான். அதனால் எண் இல்லை என்பதற்காகவே ஒருவரைப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். கம்பெனி தந்த வேலை ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் உங்களிடம் வந்தவர் டிரஸ்ட் என்று சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறார். எண் கேட்டதும் "நான் கான்ட்ராக்டர்" என்று மாற்றிப் பேசினால் உஷாராகிவிடுங்கள்.

கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். பூங்கா மாநகராட்சியுடையது. அப்படியானால் ஒப்பந்தத்தில் மாநகராட்சி இருக்க வேண்டும். கவுன்சிலர் தலையாட்டியது உத்தரவு ஆகாது. எந்தப் பூங்கா, என்ன வேலை, எத்தனை ஆண்டு என்று எழுதிய அனுமதி வேண்டும். சிஎஸ்ஆர் பணத்தில் உருவாகும் சொத்து யார் பெயரில் இருக்கலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. அந்தப் பட்டியலில் அரசு அமைப்பும் உண்டு, CSR பதிவுள்ள டிரஸ்டும் உண்டு. ஊஞ்சலும் மோட்டாரும் டிரஸ்ட் பெயரில் போனால் நாளைக்கு அவர்கள் கழற்றிக்கொண்டு போவதைத் தடுக்க முடியாது. மாநகராட்சி பெயரில் என்று எழுத வையுங்கள்.

நான் பார்த்த ஒரு பூங்காவில் திறப்பு விழா அன்று எல்லாம் பளபளத்தது. ஒப்பந்தத்தில் "பராமரிப்பு: உள்ளூர் சங்கம்" என்று ஒரே ஒரு வரி. அதைப் படிக்காமல் செயலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். காவலாளிக்கு 12,000, மின் கட்டணம் 2,000, ரிப்பேர் 3,000 என்று மாதம் 17,000 ரூபாய். வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். சங்கத்தின் சந்தாவோ வீட்டுக்கு 50 ரூபாய். எட்டாவது மாதம் மோட்டார் எரிந்தது, புல் காய்ந்தது. வாசலில் கம்பெனியின் பெயர்ப்பலகை மட்டும் புதிதாக நின்றது. அதனால் பராமரிப்பு யார், எத்தனை ஆண்டு, எந்தக் கணக்கிலிருந்து என்று மூன்றையும் எழுதாத தாளில் கையெழுத்து வேண்டாம். உங்கள் சங்கத்துக்குக் கண்காணிக்கும் பொறுப்பு போதும். செலவுப் பொறுப்பு வேண்டாம்.

"மார்ச்சுக்குள்" என்பது அவர்களுடைய அவசரம். பல ஆண்டுத் திட்டமாகக் குழு ஒப்புதல் தந்திருந்தால், மீதிப் பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுகளில் செலவு செய்யலாம். உண்மையில் தாமதம் மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில்தான். ஒரு பூங்கா அனுமதிக்கு மேசை மேசையாக அலைய வைத்தால், நேர்மையான கம்பெனிகூட அனுமதி இல்லாமலே வேலையைத் தொடங்கிவிடுகிறது. பிறகு அதே அலுவலகம் "யாரைக் கேட்டுக் கட்டினீர்கள்" என்கிறது. இத்தனை வருடமாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த வாரமே மண்டல அலுவலகத்துக்கு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டாகிவிட்டது என்று யாராவது சொன்னால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மாநகராட்சியிடம் அதன் நகலைக் கேளுங்கள். தனியார் கம்பெனியிடம் இப்படிக் கேட்க முடியாது. மாநகராட்சி 30 நாளில் பதில் தர வேண்டும்.