இரண்டு செட் ஸ்கூல் யூனிஃபார்ம்: துணி எத்தனை மீட்டர், மொத்தம் எவ்வளவு?

"கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். மகள் ஆறாம் வகுப்பு போகிறாள். சுற்றிலும் பிளீட் வைத்த நேவி புளூ ஸ்கர்ட், அரைக்கை கட்டம் போட்ட சட்டை, இரண்டு செட் வேண்டும். பொள்ளாச்சியில் துணி எடுத்து இங்கே தைக்கக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். டெய்லர் ஸ்கர்ட்டுக்கு மட்டும் இரண்டரை மீட்டர் கேட்கிறார். அவ்வளவு வேண்டுமா? மொத்தம் எவ்வளவு ஆகும்?"

இரண்டு ஸ்கர்ட்டையும் சேர்த்து வெட்டினால் இரண்டு மீட்டர் போதும். டெய்லர் உங்களை ஏமாற்றவில்லை. ஒவ்வொன்றாக வெட்டும் கணக்கைச் சொல்லியிருக்கிறார்.

ஸ்கர்ட் துணியின் அகலம், அதாவது பன்னா, பெரும்பாலும் 58 அங்குலம் இருக்கும். பிளீட் நன்றாக விழ, சீட், அதாவது இடுப்புக்குக் கீழே பின்புறம் அகன்ற இடத்தின் சுற்றளவைப் போல மூன்று மடங்கு துணி சுற்றி வர வேண்டும். உங்கள் மகளுக்கு சீட் 28, இடுப்பு 24, ஸ்கர்ட் நீளம் 20 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 28-ஐ மூன்றால் பெருக்கினால் 84. ஒரு பன்னா 58 தான், எனவே ஒரு ஸ்கர்ட்டுக்கு ஒன்றரைப் பன்னா தேவை. தனியாக வெட்டினால் இரண்டு துண்டு எடுத்தே ஆக வேண்டும், இரண்டாவதில் பாதி மிஞ்சிவிடும். இரண்டு ஸ்கர்ட்டுக்குச் சேர்த்து வெட்டினால் மூன்றே துண்டு. நடுத்துண்டைப் பாதியாக்கி இரண்டுக்கும் பகிர்ந்துவிடலாம்.

துண்டின் உயரம் 24 அங்குலம்: நீளம் 20, மேலே பட்டியோடு சேர்க்க 1, கீழே மடிக்க 3. மூன்று துண்டுக்கு 72. இடுப்புப் பட்டிக்கு 4 அங்குல அகலத்தில் குறுக்கே ஒரு கீற்று எடுத்தால் இரண்டு ஸ்கர்ட்டுக்கும் வந்துவிடும். ஆக 76 அங்குலம், அதாவது 1.93 மீட்டர்; கடையில் 2 மீட்டர் வாங்குங்கள். டெய்லரின் கணக்கைவிட அரை மீட்டர் மிச்சம்.

சீட் 29-ஐத் தாண்டிய பிள்ளைக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஒன்றரைப் பன்னாவிலேயே இழுத்துத் தைத்தால் பிளீட்டின் உள்மடிப்பு குறைந்து, உட்கார்ந்ததும் வாய் பிளந்துகொள்ளும். தைத்து வந்த ஸ்கர்ட்டில் ஒரு பிளீட்டை விரித்துப் பாருங்கள். வெளியே ஒரு அங்குலம் தெரிந்தால் உள்ளே இரண்டு அங்குலம் மடிந்திருக்க வேண்டும்.

கீழே மூன்று அங்குலம் மடிக்கச் சொன்னது அடுத்த வருஷத்துக்காக. பிள்ளை வளர்ந்ததும் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். பழைய மடிப்புக்கோடு லேசாகத் தெரியும், அதற்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பட்டியில் கூடுதலாக ஒரு ஹூக் வைக்கச் சொல்லுங்கள்.

சட்டைக்கு முதலில் பன்னாவைக் கேட்டுவிட்டுத்தான் மீட்டர் சொல்ல வேண்டும். மார்பு 28, உயரம் 22 என்றால், 58 பன்னாவில் முன்பக்கம் இரண்டும் பின்பக்கமும் அருகருகே அடங்கி, ஓரத்தில் கைகளும் ஏறிவிடும். இரண்டு சட்டைக்கு 1.75 மீட்டர் போதும். 36 பன்னாவில் முன்பக்கமும் பின்பக்கமும் அடுத்தடுத்துத்தான் வரும், 2.5 மீட்டர் வேண்டும். கட்டம் பெரிதாக இருந்தால், பாக்கெட்டிலும் முன்பக்கத்திலும் கோடு சேர 15 செ.மீ. கூட எடுங்கள். டெரிகாட்டன் அதிகம் சுருங்காது. முழுப் பருத்தியானால் நூற்றுக்கு ஐந்து கூட்டி வாங்கி, நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டக் கொடுக்க வேண்டும்.

இனி செலவு. விலை கடைக்குக் கடை மாறும், நான் போடுவது மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்கர்ட் துணி மீட்டர் 220 ரூபாய் என்றால் இரண்டு மீட்டருக்கு 440. 58 பன்னா சட்டைத்துணி மீட்டர் 160 என்றால் 1.75 மீட்டருக்கு 280. துணி மட்டும் 720. பக்கத்திலேயே 36 பன்னா 120 ரூபாய்க்குக் கிடைக்கும், மலிவு போலத் தோன்றும், 2.5 மீட்டருக்கு 300 ஆகிவிடும். தையல் கூலி சட்டைக்கு 200, ஸ்கர்ட்டுக்கு 250 என்றால் இரண்டு செட்டுக்கு 900. ஜிப், ஹூக், பட்டன், கேன்வாஸுக்கு 80. ஆக மொத்தம் 1,700, செட்டுக்கு 850.

துணியைவிடக் கூலிதான் அதிகம் என்பதைக் கவனியுங்கள். அதனால் மீட்டருக்குப் பத்து ரூபாய் பேரம் பேசுவதைவிட, ஜிப்பும் கேன்வாஸும் கூலிக்குள் அடக்கமா என்று டெய்லரிடம் முதலிலேயே கேட்பது நல்லது. சுற்றுப் பிளீட்டுக்குக் கூலி கூடத்தான் இருக்கும், ஒவ்வொரு மடிப்பையும் அயர்ன் செய்து பிடித்துத் தைக்க வேண்டுமே.

பொள்ளாச்சி போகும்போது பழைய ஸ்கர்ட்டை எடுத்துப் போங்கள். கோபாலபுரம் தாண்டிப் போய் வாங்கி வந்த பிறகு நேவி புளூ சற்றே கருத்திருந்தால் வீட்டுக்கு வந்துதான் தெரியும். கடை வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலில் இரண்டையும் ஒட்டிவைத்துப் பாருங்கள். ஒரே தானில் இரண்டு செட்டுக்கும் வெட்டச் சொல்லுங்கள். பின்னால் தனியாக வாங்கினால் சாயம் மாறிப்போகும். ஜூன் தொடங்கும் நேரத்தில் டெய்லர்கள் மூச்சுவிட முடியாமல் இருப்பார்கள், ஆகவே மே நடுவிலேயே கொடுத்துவிடுங்கள்.