சிரிப்புக் குறி "J" ஆன கதை

"கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் போன மாதம் சேர்ந்தேன். அலுவலக மின்னஞ்சலில் சிரிப்பு இமோஜி, ஆச்சரியக்குறி எல்லாம் போடலாமா?"

நல்ல செய்தி என்றால், வாசிப்பவரும் உங்களுக்கு அப்படி எழுதுகிறவர் என்றால் போடலாம். எதையாவது கேட்கும்போதும், ஏதாவது பிந்தும்போதும் வேண்டாம்.

கிணறு இறைத்துத் துப்புரவாக்கும் ஒரு திட்டத்தில் நான் வேலை செய்தேன். மாரி மழையில் உள்பாதைகள் எல்லாம் வெள்ளம். அறிக்கை பிந்தியது. கொழும்பில் இருந்த நிதி தருபவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதி, "இரண்டு நாள் பிந்தும்" என்ற வரியின் கடைசியில் :) போட்டேன். கோபப்படக்கூடாதே என்றுதான். பழைய அவுட்லுக் அதை உடனே சிரித்த முகமாக மாற்றியது. உண்மையில் அது, எழுத்துகளைப் படங்களாகக் காட்டும் விங்டிங்ஸ் எழுத்துருவில் உள்ள J என்ற எழுத்து. அந்த எழுத்துருவைக் காட்டாத இடத்தில் வெறும் J ஆகவே தெரியும். கொழும்பில் மடலை அப்படியே அச்செடுத்துக் கோப்பில் போட்டிருந்தார்கள். "யார் இந்த J, அவர் ஒப்புதல் தந்தாரா?" என்று அங்கிருந்து ஒரு அக்கா தொலைபேசியில் கேட்டார். விளக்கிச் சொன்ன பிறகு அந்த அக்கா மெதுவாகச் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "தம்பி, பிந்துது எண்டு சொல்லிப்போட்டு ஏன் சிரிக்கிறீங்கள்?"

அந்தக் கேள்விதான் எனக்கு அளவுகோல். நம் மடல்கள் ஒருவரோடு நிற்பதில்லை. கச்சேரிக்கோ பிரதேச செயலகத்துக்கோ போனால் மேலே ஒருவருக்கு அனுப்பப்படும், அச்சாகிக் கோப்பில் கிடக்கும். உங்கள் முகத்தை அறியாதவர் ஆறு மாதம் கழித்து வாசிப்பார். அவருக்கும் அந்தச் சிரிப்பு சரியாகப் படுமா என்று பாருங்கள். அவுட்லுக் மாற்றிவிட்டால் உடனே Ctrl+Z அழுத்துங்கள், பழையபடி :) வந்துவிடும். அதையும் அழித்துவிடுங்கள்.

ஆச்சரியக்குறி மொழியைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் "Thanks." என்று புள்ளியோடு நிறுத்தினால் சிலருக்கு விறைப்பாகப் படும். அங்கே "Thanks!" என்று ஒன்று போட்டால் பிழையில்லை. தமிழில் அந்த மென்மை வினைச்சொல்லிலேயே இருக்கிறது. "பட்டியலை அனுப்பவும்!!" என்றால் அதட்டல். "வெள்ளிக்கிழமைக்கு முன் பட்டியலை அனுப்பி வைக்க முடியுமா?" என்றால் மரியாதையும் அவசரமும் இரண்டும் வந்துவிடும்.

இன்னொன்று, நம்மில் பலர் வசனத்தை முடிக்காமல் "பார்த்துச் சொல்லுங்கோ..." என்று புள்ளிகளோடு விடுகிறோம். எழுதுபவருக்கு அது பணிவு. வாசிப்பவருக்கு மனத்தாங்கல் போலப் படலாம். இமோஜியை விட இதைத்தான் நான் முதலில் விட்டேன்.

உங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் தாராளமாகச் சிரியுங்கள். கூட வேலை செய்கிறவருக்கு "கிணறு முடிந்தது!" என்று மின்னஞ்சல் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும்.