ரீசார்ஜ் பணத்தில் கிராமத்துக்கு டவர் வருமா?

கிராமத்து டவருக்கென்று நம் ரீசார்ஜில் பணம் பிடிக்கிறார்களாமே? ரசீதில் ஒன்றும் காணோம். – வாசகர், ஈரோடு

ரசீதில் வராது. வரி விழுவது கம்பெனியின் வருமானத்தின் மேல். 299 ரூபாய் ரீசார்ஜில் ஜிஎஸ்டியைக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 253 ரூபாய். அதில் 5 சதவீதம், அதாவது ஏறக்குறைய 12 ரூபாய் 70 காசு, கிராமச் சேவைக்குப் போகிறது. 2002 ஏப்ரலிலிருந்து இப்படித்தான். யுஎஸ்ஓ நிதி என்று இருந்ததற்கு, 2023 சட்டத்துக்குப் பின் டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். கம்பெனி கட்டினாலும் பணம் உங்களுடையதுதான்.

தாய்க் கிராமத்தில் சிக்னல் இருக்கிறது. 4 கி.மீ. மேலே இருக்கும் எங்கள் குக்கிராமத்தில் ஒரு கோடு கூட இல்லை. மனு கொடுத்தால் டவர் வருமா? – வாசகி, கல்வராயன்மலை

வரலாம், ஆனால் மனுவை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் நிறைய இருக்கிறது.

வசூலாகும் பணம் நேராக டவருக்குப் போவதில்லை. அது அரசின் பொதுக் கருவூலத்தில், அதாவது இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும். ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றம் ஒதுக்கும் அளவுதான் வெளியே வரும். ஓர் ஆண்டில் வசூலானது அந்த ஆண்டே செலவாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிராமத்துக்கென்று வாங்கிய காசு கணக்குப் புத்தகத்தில் காத்திருக்க, பெண்கள் போன் பேசப் பாறை ஏறுகிறார்கள். எத்தனை வருடம் எழுதினாலும் எனக்கு இந்தக் கோபம் ஆறவில்லை.

உங்களுக்குப் பொருந்தக்கூடியது 2022 ஜூலையில் ஒப்புதலான 4ஜி திட்டம். சிக்னலே இல்லாத 24,680 கிராமங்கள், 26,316 கோடி ரூபாய். வேலை பிஎஸ்என்எல் கையில். டவர் கட்டும் செலவோடு 5 ஆண்டு நடத்தும் செலவும் இதில் அடக்கம். சிக்கல் என்னவென்றால், பட்டியல் கிராமக் கணக்கில் இருக்கிறது. தாய்க் கிராமத்தில் சிக்னல் இருந்தால் அதன் பெயருக்குக் கீழே உள்ள உங்கள் குக்கிராமம் கண்ணில் படாமல் போகும். புதுக் குடியிருப்பு, மறுகுடியமர்வு, இருந்த கம்பெனி சேவையை நிறுத்தியது போன்ற காரணங்களுக்காக 20 சதவீதம் கூடுதல் கிராமங்களைச் சேர்க்கத் திட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும்.

'எங்களுக்கு டவர் வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள கிராமப் பெயர், குக்கிராமத்தின் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, அட்சரேகை தீர்க்கரேகை (போனின் மேப்பில் விரலை அழுத்திப் பிடித்தால் தெரியும்), எந்தெந்தக் கம்பெனி சிம்மை எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்பது எல்லாம் வேண்டும். கிராம சபையில் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கும் தொலைத்தொடர்புத் துறையின் சென்னை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான pgportal.gov.in-லும் பதிந்து, பதிவு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைத்தால் ஒரே ஒரு 4ஜி டவர் கிடைக்கும். பேசலாம், பணம் அனுப்பலாம், பிள்ளைகள் பாடம் பார்க்கலாம். மேட்டுக்குப் பின்னால் உள்ள வீட்டுக்குள் எடுக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. வன நிலமென்றால் அந்த அனுமதிக்கே மாதங்கள் ஓடும். டவர் நின்ற பிறகும் மின்சாரமோ, டவரை வெளியுலகத்தோடு இணைக்கும் பின்தொடர்பு இணைப்போ வராவிட்டால் அது வெறும் இரும்புதான். எந்தப் போனிலும் கோடே வராமல் இருந்தால் கரண்டைச் சந்தேகியுங்கள். கோடு நிறைய இருந்தும் நெட் நகராவிட்டால் பெரும்பாலும் பின்தொடர்பில்தான் கோளாறு. புகாரில் அதையும் எழுதுங்கள்.

அரசு நிதியில் என் நிலத்தில் டவர், மாதம் 35,000 வாடகை என்று டிராய் முத்திரையோடு கடிதம் வந்தது. பதிவுக் கட்டணம் 18,500 கட்டிவிட்டேன். இப்போது 'வரி' என்று இன்னும் 40,000 கேட்கிறார்கள். – விவசாயி, சிவகங்கை

ஐயா, இனி ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள். டவர் வைக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடையில்லாச் சான்று தருவதே கிடையாது. நிலத்துக்காரர்தான் வாடகை வாங்குபவர், அவர் கட்ட வேண்டிய கட்டணம் எதுவும் இல்லை. இன்றே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து, வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க நேரம்தான் முக்கியம். ஏமாந்ததில் உங்களுக்கு வெட்கம் வேண்டாம். முத்திரையைப் பொய்யாய்ப் போட்டவனுக்குத்தான் அது வேண்டும்.

டவர் வரும்வரை 4,200 ரூபாய்க்கு சிக்னல் பூஸ்டர் வாங்கலாமா? – வாசகர், கொல்லிமலை

வேண்டாம். நானும் ஒன்று வாங்கினேன், ஊரில் அம்மாவுக்காக. விற்றவர் 'எல்லா நெட்வொர்க்கும் எடுக்கும்' என்றார். வீட்டில் ஒரு மூலையில் இரண்டு நாள் எடுத்தது. அப்புறம் தெருவில் மற்றவர்களின் பேச்சு அறுபட ஆரம்பித்தது. அனுமதி இல்லாமல் பூஸ்டரை வைத்திருப்பதே குற்றம் என்பது பிறகுதான் தெரிந்தது. சிக்னலே இல்லாத இடத்தில் பெருக்கிக் காட்டவும் ஒன்றுமில்லை.

டவர் திறந்த அன்றே வேறு கம்பெனி சிம்மில் ஒரு வருடப் பேக் போட்டேன். வீட்டில் எடுக்கவில்லை. பணம் திரும்புமா? – வாசகர், தேனி

திரும்பாது. டவர் யாருடையது என்று கூடக் கேட்காமலா ஒரு வருடத்துக்குக் கட்டுவது? இந்த நிதியில் நின்ற டவர்களை மற்ற கம்பெனி சிம்களும் பகிரும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. உங்கள் டவரில் அது நடப்புக்கு வந்திருக்கிறதா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் சிம்மை வாங்கி ராத்திரி 8 மணிக்கு அடுப்படியில் வைத்துப் பாருங்கள். எடுத்தால் 28 நாள் பேக் மட்டும் போடுங்கள்.