உங்கப்பா இப்படித் தர மாட்டார்

"அல்சூர் பஜாரில் அப்பாவின் பாத்திரக்கடையை ஆறு மாதமாக நான் பார்க்கிறேன். முழங்கால் வலியால் அவர் வீட்டோடு இருக்கிறார். பேரத்திலேயே என் பொழுது போகிறது. போன வாரம் ஒரு பாட்டி வந்தார். பித்தளைப் பொங்கல் பானை 1,900 என்றேன், 1,200க்குக் கேட்டார். என் அசலே 1,600. அரை மணி நேரம் பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓசூரில் கட்டிக்கொடுத்த பேத்தி கதையெல்லாம் சொன்னார். ஆளை விட்டால் போதுமென்று '1,700, எடுத்துட்டுப் போங்க' என்றேன். பணத்தைக் கொடுத்துவிட்டு, 'உங்கப்பா இப்படித் தர மாட்டார்' என்று முகம் வாடிப் போனார். குறைத்தும் குறைதான். 'ஒரே விலை' போர்டு மாட்டிவிடலாமா அம்மா?"
– இளம் கடைக்காரர், பெங்களூரு

தம்பி, உன் வயதில் எனக்குப் பிள்ளை இருக்கிறான், ஒருமையில்தான் எழுதுவேன். 200 ரூபாய் மிச்சம் பிடித்தவளுக்கு முகம் ஏன் வாட வேண்டும்? உன் கடிதத்தில் கேட்கத் தகுந்த கேள்வி அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டுப் போர்டைப் பற்றிக் கேட்கிறாய்.

1,200 என்று அவள் சொன்னபோது கை எங்கே இருந்தது? பானை மேல். வேண்டாதவள் விலையைக் கேட்டதும் நகர்ந்துவிடுவாள். கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்க்க மாட்டாள். உன் அசலுக்குக் கீழே கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? 1,200 என்றால் "பேச வந்திருக்கிறேன், நீயும் பேசு" என்று அர்த்தம். "பாட்டி, 1,600க்குக் கீழே கட்டுப்படியாகாது" என்று உண்மையையே சொல்லியிருந்தாலும் அவள் கோபித்திருக்க மாட்டாள். நீயோ வாயைத் திறந்ததே அவளை வெளியே அனுப்பத்தான்.

ஒரே தாவலில் 200 இறக்கினாயே, அது அவள் காதில் எப்படி விழுந்திருக்கும்? "இவ்வளவு சுலபமா இறங்குறானே, இன்னும் 300 இருந்திருக்குமோ? பானையில ஏதும் ஒட்டுப் போட்டிருக்கானோ?" உன் அப்பா அப்படிச் செய்திருக்க மாட்டார். 1,900 என்பார், 1,850க்கு வருவார், கொஞ்ச நேரம் கழித்து 1,820. ஒவ்வொரு முறையும் இறங்குகிற தொகை சிறுத்துக்கொண்டே வரும். அடி நெருங்குகிறது என்று யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரியும். நடுநடுவே "யாருக்கு வாங்குறீங்க? வீட்டுல பழைய பித்தளை கிடந்தா கொண்டாங்க, கழிச்சுக்கலாம்" என்று கேட்பார். இன்னும் 120 ரூபாய் உன் கல்லாவில் இருந்திருக்கும், அவளும் சிரித்துக்கொண்டே போயிருப்பாள்.

"பேத்தி கதை" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த இடத்தில்தான் பற்றிக்கொண்டு வந்தது. மார்கழியில் ஒரு பாட்டி பொங்கல் பானை எடுத்துக்கொண்டே புதிதாகக் கட்டிக்கொடுத்த பேத்தியைப் பற்றிப் பேசினால் அது தலைப்பொங்கல் சீர். இது தெரிய எம்.பி.ஏ. வேண்டாம், நம் வீட்டில் பிறந்திருந்தால் போதும். அந்தப் பெண் இதுவரை பித்தளையில் சமைத்திருப்பாளா? கேஸ் அடுப்பில் வெறும் பானையை வைத்து, பால் எடுத்துவர உள்ளே போனாளென்றால், திரும்பி வருவதற்குள் உள்ளே பூசிய ஈயம் உருகித் திட்டுத் திட்டாக மஞ்சள் தெரியும். பூசுகிற வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். காய்ந்த பானையின் அடிக்கு அந்தச் சூடு ஏற அதிக நேரம் ஆகாது. தண்ணீரோ பாலோ ஊற்றிய பிறகுதான் பற்றவைக்க வேண்டும். தேய்ந்த இடத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். பூசியது வெள்ளீயம்தானா, காரீயம் கலந்திருக்கிறதா என்றும் வாங்குகிறவள் கேட்பாள், கேட்கத்தான் வேண்டும். காரீயம் விஷம். அந்த அரை மணி நேரமும் இதையெல்லாம் நீ சொல்வாய் என்றுதான் அவள் நின்றிருக்கிறாள். விலைப் பேச்சு அதற்கு ஒரு சாக்கு.

போர்டுக்கு வருகிறேன். விலை அச்சடித்த குக்கருக்கும் மிக்ஸிக்கும் தாராளமாக மாட்டு, அங்கே பேச ஒன்றுமில்லை. போனில் விலையைக் காட்டி "இதே ரேட்டுக்குத் தருவியா" என்று நிற்கிற பையனிடமும் ஒரே வார்த்தையில் முடி. எடை போட்டு விற்கிற பித்தளைக்குப் போர்டு மாட்டினால், அப்பா சேர்த்துவைத்த ஜனங்களை நீயே வாசலோடு அனுப்புகிறாய் என்று அர்த்தம்.

அப்பாவின் முழங்கால்தான் நோகிறது, வாய் நன்றாகத்தான் இருக்கும். ஆறு மாதத்துக்கு முன்னால் கடைச் சாவியை வாங்கினாய். எந்தப் பாட்டி எந்தத் தெரு, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று ஒரு ராத்திரியாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாயா? இன்றைக்குக் கேள். அந்தப் பாட்டி வீடு எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பொங்கலுக்கு முன்னால் ஒரு பித்தளைக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய், வெறும் பானையை அடுப்பில் ஏற்ற வேண்டாமென்று பேத்திக்குச் சொல்லச் சொல்லிவிட்டு வா. கரண்டிக்கும் அவள் விலை கேட்பாள். உடனே "சும்மாதான் பாட்டி" என்று சொல்லிவிடாதே.